சரியான முடிவு, தவறான நிரூபணம்: நோட்டின் ஓரத்தில் என்ன எழுதுவது?

வெட்டுப்புள்ளி

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டு என் மேசையில் இருக்கிறது. கணக்கு இதுதான்: முக்கோணம் ABC-ல் D என்பது BC-யின் நடுப்புள்ளி. AD, கோணம் A-ஐ இருசமமாக வெட்டுகிறது. AB = AC என நிறுவுக.

அவன் எழுதியிருப்பது:

வரி 1: BD = DC (D நடுப்புள்ளி)
வரி 2: AD = AD (பொதுப்பக்கம்)
வரி 3: ∠BAD = ∠CAD (AD இருசமவெட்டி)
வரி 4: எனவே ப-கோ-ப விதிப்படி முக்கோணங்கள் ABD, ACD சர்வசமம்
வரி 5: எனவே AB = AC

வரி 4 நிற்காது. அவன் எடுத்த கோணம் A-ல் இருக்கிறது. BD, AD இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் D-ல் அல்லவா இருக்கிறது? நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு: "ப-கோ-ப தவறு! கோணம் இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் பலமுறை சொன்னோம். AD-ஐ E வரை நீட்டு, AD = DE என எடு, பிறகு முயற்சி செய்."

இன்னும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிவப்பு மையைப் பார்த்தால் நோட்டை மூடி வைத்துவிடும் பிள்ளை இவன். அவனே திருத்திக்கொள்கிற மாதிரி எப்படி எழுதலாம்?

மாலைவகுப்பு

முதலில் பாராட்டு, நடுவில் தவறு, கடைசியில் மறுபடியும் பாராட்டு. நான் எப்போதும் இப்படித்தான் எழுதுவேன். "அருமையான முயற்சி! நீ கெட்டிக்காரன். வரி 4-ஐ மட்டும் சரிபார். உன்னால் முடியும்!" பிள்ளைகள் முகம் வாடாது. உங்கள் குறிப்பில் அந்த ஆச்சரியக்குறியும் "பலமுறை சொன்னோம்" என்பதும் உடனே போக வேண்டும்.

சும்மாபார்ப்பவன்

ஒரு சந்தேகம். AB = AC என்பது உண்மைதானே? கொடுத்த மூன்று தகவலையும் பயன்படுத்தியிருக்கிறான், சரியான முடிவுக்கும் வந்திருக்கிறான். விதியின் பெயரை மட்டும் ப-ப-கோ என்று மாற்றி எழுதினால் முடிந்துபோகிறது. இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

வெட்டுப்புள்ளி

@சும்மாபார்ப்பவன், ப-ப-கோ என்று ஒரு சர்வசம விதி கிடையாது நண்பரே. அதுதான் சிக்கலே. என் குறிப்பைப் படித்துவிட்டு அவனும் நீங்கள் சொன்னதையே செய்வானோ என்றுதான் பயம்.

பழையகரும்பலகை

சும்மாபார்ப்பவன் கேட்டது நல்ல கேள்வி, தள்ளிவிட வேண்டாம். அந்தப் பையன் மனதிலும் அதே கேள்விதான் இருக்கும். முடிவு சரியாக இருக்கும்போது "தவறு" என்று மட்டும் எழுதினால், ஆசிரியர் சும்மா நொட்டை சொல்கிறார் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். AD 8 செ.மீ. A-யில் 30 டிகிரி கோணத்தில் ஒரு கதிர். கவராயத்தை D-யில் ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். அந்த வில் கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். A-யிலிருந்து ஒன்று சுமார் 3.9 செ.மீ. தூரத்தில் இருக்கும், மற்றது சுமார் 9.9. இரண்டு முக்கோணத்திலும் அதே 8, அதே 5, அதே 30 டிகிரி. ஆனால் மூன்றாவது பக்கம் ஒன்றைப்போல ஒன்று இரண்டரை மடங்கு. பையன் வரி 1, 2, 3-ல் எழுதிய மூன்று தகவலும் அப்படியே இருக்க, AB-யும் AC-யும் வேறுவேறாக வரமுடிகிறது.

வெட்டுப்புள்ளி, இப்போது உங்கள் குறிப்புக்கு வருகிறேன். கடுமையான சொற்களை எடுத்துவிட்டாலும் அதில் ஒரு கோளாறு மிச்சம் இருக்கும். மூன்று வேலையை ஒரே மூச்சில் செய்கிறது: தவறைச் சொல்கிறது, விதியைச் சொல்கிறது, விடைக்கான வழியையும் சொல்லிவிடுகிறது. E வரை நீட்டச் சொன்ன பிறகு அவன் செய்வதற்கு என்ன இருக்கிறது? நீட்டுவான், வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து மீதியை எழுதுவான், வரி 4 ஏன் நிற்கவில்லை என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த தேர்வில் மறுபடியும் அதே ப-கோ-ப வரும்.

அவன் ஏன் அப்படி எழுதினான் என்பது நமக்கே இன்னும் தெரியாது. கோணம் எந்த இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கலாம். விதி தெரிந்தும் படத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். இல்லாவிட்டால், எல்லாம் தெரிந்தே, எப்படியாவது முடிக்க வேண்டுமே என்று பெயரை ஒட்டியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே முதல் குறிப்பின் வேலை, இவற்றில் எது என்று காட்டிக்கொடுப்பது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வரி 1, 2, 3 மூன்றும் சரி. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருப்பதால் உன் யோசனையைப் பின்தொடர முடிகிறது. வரி 4-ல் கொஞ்சம் நிற்போம். படத்தில் BD-யும் AD-யும் எந்தப் புள்ளியில் சேர்கின்றன? நீ எடுத்த கோணம் எந்தப் புள்ளியில் இருக்கிறது? இரண்டையும் இதன் கீழே எழுது."

இவ்வளவுதான். விதியைச் சொல்லவில்லை, வழியும் சொல்லவில்லை. "D-யில் சேர்கின்றன, கோணம் A-யில்... அட!" என்று எழுதினால் அவன் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். "D, A. அதனால் என்ன?" என்ற தொனியில் எழுதினால் இடைப்பட்ட கோணம் ஏன் வேண்டும் என்பதே அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குத்தான் அந்த 30 டிகிரிப் படம்.

மாலைவகுப்பு

சார், உங்கள் குறிப்பும் பாராட்டில்தானே தொடங்குகிறது? நானும் அதைத்தானே சொன்னேன்.

பழையகரும்பலகை

பாதி ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். முகம் வாடக்கூடாது என்பதும், சரியாக இருப்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பதும் சரியே. ஆனால் "நீ கெட்டிக்காரன்" என்பது பிள்ளையைப் பற்றியது, "வரி 1, 2, 3 சரி" என்பது வேலையைப் பற்றியது. இரண்டாவதைப் படித்தால் அவனுக்கு ஒரு பயன் உண்டு: திருத்தும்போது அந்த மூன்று வரிகளையும் தொடவேண்டாம் என்று தெரிகிறது. இல்லாவிட்டால் பயந்துபோய் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான்.

1996-ல் குளூகர், டெநிசி என்ற இருவர் அதுவரை வந்த பின்னூட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பின்னூட்டம் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையைவிட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கெட்டிக்காரன் என்று எழுதுவதும் அந்தப் பக்கம்தான் திருப்புகிறது. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு அடுத்த கணக்கில் தவறு செய்யப் பயம் வந்துவிடும்.

இளந்தளிர்அம்மா

நான் ஆசிரியர் இல்லை, அம்மா. என் மகள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் "கவனம் தேவை" என்று இருக்கும். எதில் கவனம் என்று ஒருநாளும் இருக்காது. அவளிடம் கேட்டால் "எனக்குக் கவனம் பத்தாதாம்மா" என்பாள். அவளுடைய கணக்கு ஒன்றைப் பார்த்தேன். நாற்கரத்தின் கோணங்களைக் கூட்டும்போது 360-க்குப் பதிலாக 180 போட்டிருந்தாள். அதற்கும் "கவனம் தேவை". இது கவனக்குறைவா, இல்லை தெரியாததா?

பழையகரும்பலகை

அம்மா, ஒரே ஒரு இடத்தில் 180 போட்டிருந்தால் கைதவறியது. நாற்கரம் வந்த எல்லா இடத்திலும் 180 என்றால் அவளுக்கு 360 எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஒரு மூலைவிட்டம் போடச் சொல்லி, எத்தனை முக்கோணம் தெரிகிறது என்று கேளுங்கள். "கவனம் தேவை" என்று எழுதுகிறவருக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருக்காது என்பதுதான் என் சந்தேகம். தெரிந்திருந்தால் வரி எண்ணையாவது எழுதியிருப்பார்.

விடைத்தாள்கட்டு

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு வகுப்பு நோட்டு முழுவதற்கும் இப்படி நாலு வரி எழுதினால் விடிந்துவிடும். நான் செய்வது: தவறு எந்த வரியில் தொடங்குகிறதோ அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அவ்வளவே. புள்ளி இருந்தால் அந்த வரியை மறுபடி யோசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பாதிப் பேர் தாங்களாகவே பிடித்துவிடுகிறார்கள். பிடிக்காதவர்களுக்கு மட்டும் கேள்வி எழுதுவேன்.

பழையகரும்பலகை

இது நல்ல முறை. இரண்டு நிபந்தனை மட்டும். புள்ளி, தவறு *தொடங்கும்* வரியில் இருக்க வேண்டும். வெட்டுப்புள்ளியின் பையன் நோட்டில் வரி 5-ல் புள்ளி வைத்தால், AB = AC என்பதே தவறு என்று நினைத்துக்கொள்வான். அடுத்து, புள்ளியைப் பார்த்துத் திருத்தியதை நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் புள்ளி மட்டும் வைத்தால் என்ன வரும் என்று சொல்லட்டுமா? முக்கால்வாசிப் பேர் இப்படித் திருத்துவார்கள்:

வரி 3: ∠ADB = ∠ADC = 90°
வரி 4: ப-கோ-ப விதிப்படி சர்வசமம்

இப்போது ப-கோ-ப கச்சிதமாகப் பொருந்துகிறது. கோணம் D-யில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில். ஆனால் அந்த 90 எங்கிருந்து வந்தது? படத்திலிருந்து வந்தது. முக்கோணத்தை இருசமபக்கமாகத்தான் எல்லாரும் வரைகிறார்கள், பாடநூலிலும் அப்படித்தான் இருக்கும், அதில் AD செங்குத்தாகத் தெரியும். நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டு நிறுவுகிறான். முதல் தவறைவிட இது பிடிப்பதற்குக் கடினம், ஏனென்றால் விதி சரியாக இருக்கிறது.

வெட்டுப்புள்ளி

அப்படி வந்தால் அதற்கு என்ன எழுதுவது சார்? "செங்குத்து என்று எப்படித் தெரியும்?" என்றால் "படத்தில் இருக்கிறது" என்பான்.

பழையகரும்பலகை

"இந்த 90° உன்னுடைய எந்த முந்தைய வரியிலிருந்து வந்தது? அந்த வரியின் எண்ணை ஓரத்தில் எழுது" என்று எழுதுங்கள். எண் கிடைக்காது. அப்போது அவனுக்கே தெரியும். படத்தின் மேல் சந்தேகம் வர வேண்டுமானால், AB-யையும் AC-யையும் வேண்டுமென்றே கோணலாக, ஒன்று நீளமாக ஒன்று குட்டையாக, கையால் ஒரு படம் போட்டு "இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அதே வரிகளை எழுது" என்று சொல்லலாம். நான் எந்தச் சர்வசமக் கணக்கையும் அழகான படத்தோடு கொடுப்பதில்லை.

சும்மாபார்ப்பவன்

நானும் வரைந்து பார்த்தேன். எனக்கு வில் ஒரு இடத்தில்தான் வெட்டியது. உங்கள் உதாரணம் தப்பு என்று நினைக்கிறேன் 🙂

பழையகரும்பலகை

ஆரம் எவ்வளவு வைத்தீர்கள்?

சும்மாபார்ப்பவன்

கையில் இருந்த கவராயத்தில் 9 செ.மீ.

பழையகரும்பலகை

அதுதான். D-யிலிருந்து கதிருக்குச் செங்குத்துத் தூரம் 4 செ.மீ. (8-ல் பாதி, கோணம் 30 என்பதால்). ஆரம் 4-க்குக் குறைந்தால் வில் கதிரைத் தொடவே தொடாது. சரியாக 4 என்றால் ஒரே இடத்தில் தொடும். 4-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால்தான் இரண்டு வெட்டு. 8-ம் அதற்கு மேலும் போனால் மறுபடி ஒன்றுதான்.

வெட்டுப்புள்ளி, நல்லவேளையாக இது இங்கேயே வந்தது. "நீயே ஏதாவது அளவு எடுத்து வரைந்து பார்" என்று பையனுக்கு எழுதிவிடாதீர்கள். அவன் 9 எடுத்தால் ஒரே முக்கோணம் கிடைக்கும், "பார்த்தீர்களா, ப-ப-கோ சரிதான்" என்று ஆதாரத்தோடு வந்து நிற்பான். 8, 5, 30 என்று அளவை நாமே கொடுக்க வேண்டும்.

மாலைவகுப்பு

மதிப்பெண் போடலாமா? பெற்றோர் கேட்கிறார்கள். இந்த விடைக்கு 5-க்கு எவ்வளவு தருவீர்கள்?

விடைத்தாள்கட்டு

நான் 3 போடுவேன். சில பேர் 1 போடுவார்கள். நிரூபணமே வரி 4-ல்தான் இருக்கிறது என்று வாதாடலாம்.

பழையகரும்பலகை

திருத்த வேண்டிய நோட்டில் முதல் சுற்றில் நான் போடமாட்டேன். ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்து நன்றாகச் செய்தார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்கும் வேலை முடிந்துபோகிறது.

விடைத்தாள்கட்டு

அந்த ஆய்வில் கொடுத்தவை வடிவியல் நிரூபணம் இல்லையே சார். சொற்களை உருவாக்குவது மாதிரியான பணிகள். என் வகுப்பில் மதிப்பெண் இல்லாத நோட்டை யாரும் திறப்பதே இல்லை. உங்களுக்கு நடப்பது எனக்கு நடக்கவில்லை.

பழையகரும்பலகை

நியாயமான வாதம். திருத்தியதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு மதிப்பெண் தரலாம் என்பது என் வழி. உங்கள் வகுப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

வெட்டுப்புள்ளி

பழையகரும்பலகை சாரின் குறிப்பைக் கிட்டத்தட்ட அப்படியே, பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் போடவில்லை. மறுநாள் கீழே எழுதியிருந்தான்: "BD, AD சேர்வது D. கோணம் A-ல். ஆனால் பக்கம் ரெண்டு, கோணம் ஒண்ணு சமம்தானே, போதாதா?"

அவன் கேள்வி கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். விதியை விளக்காமல் அளவுகளைக் கொடுத்தேன்: "AD = 8, A-ல் 30°, D-யிலிருந்து 5. எத்தனை முக்கோணம் வருகிறது? பெரியதை AD-க்கு ஒரு பக்கமும் சிறியதை மறுபக்கமும் வரைந்து காட்டு."

இன்று வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "ரெண்டு வருது. 9.9, 3.9. அதனால் என் வரி 4 போதாது. ஆனால் இது கணக்கில் உள்ள முக்கோணம் இல்லை. இந்த மாதிரி ஒட்டினால் B, D, C நேர்கோட்டில் வராது, D-ல் மடங்குது."

பழையகரும்பலகை

பிரமாதம்! பையன் எங்கேயோ போய்விட்டான். அவன் அளந்தால் D-யில் 120 டிகிரி இருக்கும். நேர்கோடாக இருக்க 180 வேண்டும். அவனுடைய முதல் நிரூபணத்தில் பயன்படுத்தாமல் விட்ட தகவல் எதுவோ அதை அவனே கண்டுபிடித்திருக்கிறான்: B, D, C ஒரே கோட்டில் இருக்கின்றன. BD = DC என்று நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்கோட்டை விட்டுவிட்டான்.

இப்போது E வரை நீட்டும் வழியை மறந்துவிடுங்கள். அவன் வழியிலேயே முடிக்கலாம். கதிரில் வில் வெட்டும் இரண்டு புள்ளிகளை P, Q என்போம், P பக்கத்தில் இருப்பது. DP = DQ, ஆகவே முக்கோணம் DPQ இருசமபக்கம். அதனால் கோணம் APD-யும் கோணம் AQD-யும் சேர்ந்தால் 180. அதாவது அந்த மூன்று தகவல் மட்டும் இருந்தால் B-யும் C-யும் சமமாக இருக்கும், அல்லது சேர்ந்து 180 ஆகும். ஆனால் B, D, C நேர்கோட்டில் இருந்தால் B-யும் C-யும் ஒரே முக்கோணத்தின் கோணங்கள். இரண்டே கோணம் சேர்ந்து 180 ஆனால் A-க்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே B = C, எனவே AB = AC. வரி 4-ல் இருந்த ஓட்டையை அவன் படமே அடைத்துவிடுகிறது.

வெட்டுப்புள்ளி

இதை அவனிடம் எவ்வளவு சொல்வது? நான் நினைத்தது: "D-ல் மடங்குவதைக் கவனித்தது முக்கியமான விஷயம். உன் படத்தில் B-யையும் C-யையும் அளந்து கூட்டு. கணக்கில் உள்ள முக்கோணத்தில் அந்தக் கூட்டுத்தொகை வரமுடியுமா?"

மாலைவகுப்பு

இது கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகிறதோ? கூட்டு என்றதும் விடை வந்துவிடும். "B, C கோணங்களை அளந்து பார், என்ன தெரிகிறது?" என்று மட்டும் விட்டால் என்ன?

விடைத்தாள்கட்டு

மூன்றாவது சுற்று இது. இன்னும் சுற்றினால் அலுத்துவிடுவான். கூட்டச் சொல்லிவிடுங்கள், அளந்து 53, 127 என்று வந்தாலே போதும், மீதியை அவன் எழுதட்டும்.

பழையகரும்பலகை

நான் மாலைவகுப்பு டீச்சர் பக்கம். இந்தப் பையன் இதுவரை கேட்டதைவிட ஒரு படி அதிகமாகவே எழுதியிருக்கிறான். வேறொரு பிள்ளையாக இருந்தால் விடைத்தாள்கட்டு சொன்னதைச் செய்வேன். எதற்கும் ஒன்று: அளந்ததில் 53-ம் 126-ம் வந்து 179 ஆகிவிட்டால் அவன் 180-ஐப் பார்க்கமாட்டான். அதற்கு ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இளந்தளிர்அம்மா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூலைவிட்டம் போடச் சொன்னேன். இரண்டு முக்கோணம் என்றாள், 360 என்றாள். பிறகு இன்னொரு மூலைவிட்டமும் போட்டு "இப்ப நாலு முக்கோணம், அப்ப 720 வரணுமே?" என்கிறாள். என்ன சொல்வது?

பழையகரும்பலகை

ஒன்றும் சொல்லாதீர்கள் அம்மா. அந்த நாலு முக்கோணத்தின் கோணங்கள் எல்லாவற்றையும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அவற்றில் எவை நாற்கரத்தின் மூலையில் இருக்கின்றன, எவை இல்லை என்று கேளுங்கள்.